வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி

ஒரு டிபன் கேரியருக்காக நான் ஐந்து நாள் மர்மத்தொடர் எழுதினேன். அதில் வந்த 'கடைசியா' என்கிற ஒரு சொல் இன்னும் என்னை விடவில்லை.

சின்ன வியாபாரங்களுக்கு இன்ஸ்டாகிராம் பதிவுகள் எழுதி, வடிவமைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. (கவிதை எழுத வந்தவர்கள் பலபேர் இங்கேதான் வந்து சேர்கிறோம். சொல்லைச் சுருக்கத் தெரிந்தவர்களுக்குச் சந்தையில் இருக்கிற ஒரே வேலை இதுதானோ என்னவோ.) சென்னைக்கு வெளியே எவர்சில்வர் பாத்திரப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் என் வாடிக்கையாளர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். தன் அம்மா பெயரையே கடைக்கு வைத்திருக்கிறார். இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கும் அதே பெயர். முகப்புப் படத்தில் அந்த அம்மாவின் பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அண்ணாச்சி புதிதாக ஒரு நாலடுக்கு டிபன் கேரியர் செய்திருந்தார். பார்க்க வழக்கமான கேரியர் போலத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு அடுக்கின் வாயிலும் மெல்லிய ஒரு பள்ளம், அதில் சிலிகான் வளையம், அதை இறுக்கிப் பிடிக்க இரண்டு பக்கமும் கொக்கி. உள்ளே ரசம் ஊற்றி, என் கண்முன்னால் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. "இதை நல்லா ஆர்வத்தைக் கிளப்பி விட்டு இறக்கணும்மா. சும்மா போட்டோ போட்டா எவன் பாக்கான்?" என்றார்.

அப்படித்தான் டீசர் தொடர் என்று முடிவானது. திங்கள் முதல் வியாழன் வரை தினம் ஒரு கரோசல். ஒரே பதிவுக்குள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிற பல படங்களைத்தான் அப்படிச் சொல்கிறோம். வெள்ளி மாலை ஏழு மணிக்குப் பொருளைக் காட்டுவது.

இப்படி ஒரு தொடரைப் பின்னாலிருந்து முன்னால்தான் திட்டமிட வேண்டும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதலில் வெள்ளிக்கிழமைக்கான எட்டு படங்களையும் முழுசாக முடித்தேன். கேரியர், வளையம், கொக்கி, தலைகீழாகப் பிடித்த கை, அளவு, விலை, வாங்குகிற வழி, கடைசியில் அண்ணாச்சியின் அம்மா படம். இதிலிருந்து எதையெல்லாம் எடுத்து ஒளித்து வைக்கலாம் என்று அப்புறம் யோசித்தேன். இங்கே இரண்டு வழி இருக்கிறது. 'இது டிபன் கேரியர்' என்று முதல் நாளே சொல்லிவிட்டு, அதில் என்ன புதுசு என்பதை மட்டும் மறைக்கலாம். அல்லது அது என்ன பொருள் என்பதையே மறைக்கலாம். முதல் வழி கொஞ்சம் உப்புச்சப்பில்லாமல் தெரிந்தது. நான் இரண்டாவதை எடுத்தேன்.

திங்கள்கிழமைக்கு நான் எழுதிய முதல் படம், முழுக் கறுப்பில் வெள்ளை எழுத்து: "இன்னைக்குக் காலைல அம்மா உங்ககிட்ட கேட்ட கேள்வி என்ன?" அடுத்த படம்: "அவசரத்துல நீங்க பதில் சொல்லல." அதற்கடுத்து: "அந்தக் கேள்விய நாங்க ரொம்ப வருஷமா சுமந்துட்டிருக்கோம்." கடைசிப் படத்தில் நாளும் நேரமும். அந்தக் கேள்வி, நீங்கள் ஊகித்திருப்பீர்கள், 'சாப்பாடு எடுத்துக்கிட்டியா?' என்பதுதான்.

ஞாயிறு இரவு படித்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. 'இன்னைக்குக் காலைல' என்பதை அடித்துவிட்டு, 'கடைசியா' என்று போட்டேன். "அம்மா கடைசியா உங்ககிட்ட கேட்ட கேள்வி என்ன?"

அந்தச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. 'கடைசியா எப்ப சாப்ட்ட?' என்றால் சற்று முன்பு. 'கடைசியா என்ன சொன்னாங்க?' என்று ஒரு குறிப்பிட்ட குரலில் கேட்டால் அது சாவு வீட்டுக் கேள்வி. நான் எழுதியது முதல் பொருளில். வேலை செய்யப் போவது இரண்டாவது பொருள் என்று தெரிந்தேதான் எழுதினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. கணினியில் இரண்டு வடிவமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

பதிவு பிய்த்துக்கொண்டு போனது. வழக்கமாக ஒரு பாத்திரப் படத்துக்கு நாலு கமென்ட் வருகிற பக்கம் அது. அன்று ராத்திரிக்குள் யார் யாரோ தங்கள் ஸ்டோரியில் பகிர ஆரம்பித்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை கரோசலும் அதே கறுப்பு, அதே தொனி. அண்ணாச்சி ஃபோன் பண்ணி, "ஏம்மா, நம்ம பக்கம்தானா இது?" என்று சிரித்தார்.

புதன் காலை பக்கத்தின் இன்பாக்ஸில் ஒரு செய்தி இருந்தது. அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். எழுதியவர் ஒரு பெண். போன மாதம் அவருடைய அம்மா இறந்துபோயிருக்கிறார். கடைசியாகக் கேட்டது 'ஃபேனைக் கொஞ்சம் குறைக்கிறியா' என்று. இவர் ஃபோன் பார்த்துக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை, எழுந்து போய்க் குறைக்கவுமில்லை. 'இதை இதுவரை யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க வெள்ளிக்கிழமை என்ன சொல்லப் போறீங்கன்னு காத்துட்டிருக்கேன்' என்று முடித்திருந்தார்.

அவர் எப்படி அப்படி நினைத்தார் என்று யோசித்தேன். நம்மைப் பின்தொடர்கிறவர்களுக்கு இது பாத்திரக்கடை என்று தெரியும். அவர்கள் அந்தக் கேள்வியை ஒரு கண்சிமிட்டலோடுதான் படித்திருப்பார்கள். ஆனால் பகிரப்படுகிற பதிவு கடையை விட்டு இறங்கித் தனியாக நடந்துபோகிறது. இந்தப் பெண் பார்த்தது என்ன? பெயர் ஓர் அம்மாவுடையது. படம் ஒரு பழைய கறுப்பு வெள்ளை அம்மா. கறுப்புப் பின்னணியில் கடைசிக் கேள்வி. யாரோ தன் அம்மாவின் நினைவாக நடத்துகிற பக்கம் என்று அவர் நினைத்ததில் எந்தத் தவறும் இல்லை. அத்தனை தடயங்களும் அப்படித்தான் காட்டின. வைத்தது நான்.

நான் பொய் சொன்னேனா? அன்று முழுக்க எனக்கு இதே கேள்விதான். ஒரு வாக்கியம்கூடப் பொய்யில்லை. கேரியர் உண்மையிலேயே அந்தக் கேள்வியைச் சுமக்கிறது, கொஞ்சம் கவித்துவமாக.

இம்மானுவேல் கான்ட் பொய்க்கு எதிராக எவ்வளவு கறாராக இருந்தார் என்பது தத்துவம் மேலோட்டமாகப் படித்தவர்களுக்கும் தெரியும். ஒளிந்திருக்கும் நண்பனைத் தேடி ஒரு கொலைகாரன் கதவைத் தட்டினாலும் பொய் சொல்லக்கூடாது என்று 1797-இல் கட்டுரை எழுதியவர். ஆனால் அதே கான்ட் தன் அறவியல் வகுப்புகளில் ஒரு சின்ன வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். நான் பெட்டி படுக்கையைக் கட்டுகிறேன். பார்க்கிறவர்கள் நான் ஊருக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் அப்படி நினைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசையும்கூட. ஆனாலும் நான் பொய் சொல்லவில்லை. ஏனென்றால் ஊருக்குப் போகிறேன் என்று நான் அறிவிக்கவில்லை, என் மனதில் இருப்பதை என் செயலிலிருந்து தெரிந்துகொள்ளும் உரிமையும் அவர்களுக்கு இல்லை.

டீசர் என்பதே பெட்டி கட்டுவதுதான். முதலில் இது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அரை மணி நேரம் தாங்கியிருக்கும். கான்ட் சொல்கிற ஆள் தன் வீட்டுக்குள் பெட்டி கட்டுகிறான், ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறவர்கள் தாங்களாக ஊகித்துக்கொள்கிறார்கள். நான் அப்படியா செய்தேன்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வைத்து, 'பாருங்க, வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருங்க' என்று சொல்லிவிட்டு வந்தேன். பார்க்கச் சொன்னதும், காக்கச் சொன்னதும் நான். காத்திருக்கச் சொன்ன அந்த நொடியிலேயே எதிரில் இருப்பவருக்கு என்னிடம் ஓர் உரிமை வந்துவிடுகிறது. கான்ட் கொடுத்த விதிவிலக்கு எட்டிப் பார்க்கிறவர்கள் விஷயத்தில் செல்லும். அழைத்து உட்கார வைத்தவர்கள் விஷயத்தில் செல்லாது.

அப்படியானால் டீசரே தப்பா? அப்படியும் எனக்குத் தோன்றவில்லை. இந்தத் தொழிலில் எல்லோரும் பேசுகிற பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1981, பிரான்ஸ். விளம்பரத் தட்டிகள் வாடகைக்கு விடும் அவெனீர் என்ற நிறுவனம். ஆகஸ்ட் கடைசியில் நீச்சலுடையில் ஒரு பெண்ணின் படம். 'செப்டம்பர் 2, மேலாடையைக் கழற்றுகிறேன்' என்று வாசகம். செப்டம்பர் 2 அன்று தட்டி மாறியது, சொன்னபடியே. இப்போது வாசகம், 'செப்டம்பர் 4, கீழாடையையும்.' செப்டம்பர் 4 அன்று அதுவும் நடந்தது. முதுகைக் காட்டி நிற்கிறாள். கூடவே, வாக்கைக் காப்பாற்றுகிற தட்டிக்காரர் அவெனீர் என்று ஒரு வரி. ஒரு பெண்ணின் உடம்பை வைத்துத் தட்டி வியாபாரம் செய்ததைப் பற்றி அப்போதே சண்டை நடந்தது, நியாயமான சண்டை. நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் எலும்புக்கூட்டை மட்டும் பாருங்கள். அவர்கள் விற்க வந்ததே 'சொன்ன தேதிக்குச் சொன்ன தட்டி மாறும்' என்பதைத்தான். டீசரின் ஒவ்வொரு கட்டமும் அந்தப் பொருளையே செய்து காட்டியது. இரண்டாவது தட்டி வரும்போது முதல் தட்டியின் கடன் அடைந்திருந்தது.

என் தொடரில் திங்கள் கடன் வாங்கினேன். செவ்வாயும் வாங்கினேன். புதன், வியாழன் படங்களும் தயாராக இருந்தன, அவற்றிலும் வாங்கல்தான். எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமை ஒரு டிபன் கேரியரால் அடைக்கப்போகிறேன். அந்தப் பெண் கொடுத்ததை எந்த டிபன் கேரியரால் அடைக்க முடியும்?

எங்கே பிசகியது என்பதும் மெதுவாகப் புரிந்தது. ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற பொருளாதார உளவியலாளர் 1994-இல் ஆர்வத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எங்கள் தொழிலில் அதைப் படிக்காதவர்கள்கூட அதன் சாரத்தை மேற்கோள் காட்டுவார்கள். நமக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள நினைப்பதற்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை நாம் உணரும்போதுதான் ஆர்வம் பிறக்கிறது என்பது அவர் வாதம். பலரும் இதில் இடைவெளியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு கரையாவது கண்ணுக்குத் தெரிந்தால்தானே அது இடைவெளி? ஒன்றுமே தெரியாதவருக்கு ஆர்வம் வராது. அதனால் டீசர் எழுதுகிறவர் முதலில் எதையாவது கொடுத்தாக வேண்டும். ஒரு வடிவம், ஒரு சத்தம், பொருளின் ஒரு மூலை.

நான் கேரியரிலிருந்து ஒரு மூலையைக்கூடக் கொடுக்கவில்லை. அப்படியும் பதிவு ஓடியது என்றால் தெரிந்த கரை எங்கிருந்து வந்தது? படிக்கிறவர்களின் அம்மாக்களிடமிருந்து வந்தது. பொருளின் துணுக்கை வைக்க வேண்டிய இடத்தில் அவரவர் வீட்டு நினைவை வைத்துவிட்டேன். அந்தப் பெண்ணின் அம்மா என்னுடைய முதல் ஸ்லைடு ஆகிவிட்டார்.

மதியம் அண்ணாச்சிக்கு ஃபோன் செய்து எல்லாம் சொன்னேன். செய்தியைப் படித்தும் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பட்டறையில் தகடு தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கடை தொறக்குமுன்னாடி ஷட்டரைப் பாதி தூக்கி வைப்போம்லா? குனிஞ்சு பாக்கவனுக்கு உள்ள பாத்திரம் அடுக்கியிருக்கிறது தெரியும். சரி, கடை தொறக்கப் போறாவன்னு நிப்பான். நீ என்ன செஞ்சிருக்க, ஷட்டரை முழுசா எறக்கிவிட்டுட்டு உள்ள இருந்து அழுகைச் சத்தம் போட்டிருக்கம்மா. கூட்டம் கூடத்தானே செய்யும்."

எனக்குப் பதில் வரவில்லை. "மாத்திருவோம் அண்ணாச்சி, ஆனா கமென்ட் எல்லாம் விழுந்துரும்," என்றேன். "விழட்டும். அந்தப் பிள்ளைக்கு மொதல்ல பதில் எழுது" என்றார்.

எழுதினேன். ஏழெட்டு முறை எழுதி அழித்த பிறகு அனுப்பியது இவ்வளவுதான்: 'அக்கா, என்னை மன்னிச்சிருங்க. இது ஒரு டிபன் கேரியருக்கான விளம்பரம். வெள்ளிக்கிழமை அதைத்தான் காட்டப் போறோம். அந்த வரிய எழுதினது நான்தான். நீங்க காத்திருக்க வேண்டாம்னுதான் இப்பவே சொல்றேன்.' தொழில்முறையில் பார்த்தால் இரண்டு நாள் முன்னாலேயே ரகசியத்தை உடைத்துவிட்டேன். அவர் அதை யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாயங்காலம் பதில் வந்தது. 'ஓ. சரிங்க.'

அதற்கப்புறம் அவர் எழுதவில்லை.

புதன்கிழமை பதிவை நிறுத்தினேன். போட்டுவிட்ட ஒரு கரோசலில் ஒரு படத்தை மட்டும் தனியாக நீக்க முடியும் என்பதால், திங்கள் பதிவிலிருந்து 'கடைசியா' படத்தையும் 'அவசரத்துல' படத்தையும் எடுத்துவிட்டேன். பதிவை முழுசாக நீக்கியிருக்கலாமே என்று கேட்கலாம். கமென்ட்டில் பலபேர் தங்கள் அம்மாக்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். அதையும் சேர்த்து அழிக்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. இதில் நான் செய்தது சரியா என்று இன்றும் தெரியாது. கேள்வி போய்விட்டது, கீழே பதில்கள் மட்டும் நின்றன. விளக்கம் மட்டும் மாற்றி எழுதினேன்: 'இது எங்கள் பட்டறையில் செய்த ஒரு பாத்திரத்தைப் பற்றிய தொடர்.'

வியாழனுக்குப் புதிதாக ஒரு கரோசல் செய்தேன். இந்த முறை பின்னணி கறுப்பில்லை. எவர்சில்வர் தகட்டை மிக நெருக்கத்தில் எடுத்த படம், அதில் கூரை விளக்கின் பிரதிபலிப்பு. முதல் படத்தில்: "நாலு மாடி. படிக்கட்டு கிடையாது." இரண்டாவதில்: "மதியம் ஒரு மணிக்கு அத்தனை மாடியும் காலி." மூன்றாவதில்: "மூணாவது மாடில தண்ணி நின்னாலும், ரெண்டாவது மாடில ஒழுகாது." நான்காவதில் அந்தச் சிலிகான் வளையம் மட்டும், எது என்ன என்று தெரியாத அளவுக்குப் பெரிதாக. கடைசியில் நாள், நேரம்.

இது விடுகதை. நம் பாட்டிமார் நமக்குச் சொன்ன அதே சங்கதி. விடுகதையிலும் மறைக்கிறார்கள், திசைதிருப்புகிறார்கள். முட்டைக்கு வீடு என்று பெயர் வைத்து நம்மை அலைய விடுகிறார்கள். யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை. விடை தெரிந்த பிறகு கேள்விக்குத் திரும்பிப் போனால் ஒவ்வொரு சொல்லும் அந்தப் பொருளிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது என்பதால்தான். 'அட, ஆமா!' என்று வாய் சொல்கிறது. என் திங்கள்கிழமை வரியோடு இதே மாதிரி திரும்பிப் போய்ப் பாருங்கள். விடை டிபன் கேரியர் என்று தெரிந்த பிறகு 'கடைசியா' எங்கே போய் உட்காரும்? உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே இருக்கும். இப்போது எந்தத் தொடரை எழுதினாலும் வெள்ளிக்கிழமைப் படத்தை முதலில் பார்த்துவிட்டு, வியாழன், புதன் என்று பின்னோக்கி ஒரு தடவை படித்துப் பார்க்கிறேன். நிற்கிற சொல் எது என்று தெரிந்துவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. நாம் திங்கள், செவ்வாய் என்று வரிசையாகப் போடுகிறோம். படிக்கிறவர்களுக்கு அந்த வரிசையில் போய்ச் சேர்வதில்லை. இன்ஸ்டாகிராம் தேதிப்படி காட்டாது. செவ்வாய்ப் பதிவை வியாழனன்று முதலில் பார்ப்பவர் உண்டு. முதல் படத்தைத் தள்ளாமல் கடந்துபோனவருக்கு, சில சமயம் அதே பதிவை இரண்டாவது படத்திலிருந்து மறுபடி காட்டும். அதனால்தான் 'நாளை' என்று எழுதாமல் கிழமையும் தேதியும் போட வேண்டும், இரண்டாவது படமும் தனியாக நிற்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வதுண்டு. நான் யோசிக்காமல் விட்டது இதன் மறுபக்கம். தொடரில் ஒரே ஒரு பதிவை மட்டும் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை பக்கமே வராமல் போகிறவர்கள்தான் நிறைய இருப்பார்கள். அவர்களுக்கு விடை என்று ஒன்றே இல்லை. எனக்கு அந்தக் கேள்வி ஐந்தில் ஒரு பங்கு. அவர்களுக்கு அதுதான் முழுப் பதிவும். யாரோ முகம் தெரியாதவர் ஒரு திங்கள்கிழமை, பஸ்ஸில், அம்மா கடைசியாக என்ன கேட்டார் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான்.

வெள்ளி மாலை ஏழு மணிக்குக் கேரியர் வெளியானது. வியாழன் விடுகதைக்கு வந்த கமென்ட், திங்களோடு ஒப்பிட்டால் பாதிகூட இல்லை. ஆனால் வந்ததெல்லாம் ஊகங்கள். ஒருவர் அடுக்குமாடிக் குடியிருப்பு என்றார், ஒருவர் இட்லிப் பானை என்றார், ஒரு பையன் 'எங்க ஆஃபீஸ்' என்று போட்டிருந்தான். விற்பனை நன்றாகவே இருந்தது. முதல் திட்டப்படியே போயிருந்தால் இன்னும் கூடியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. கூடியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் இன்னொரு டீசர் ஆகிவிடும்.

வெள்ளிப் பதிவைப் பக்கத்தின் மேலே பின் செய்தேன். பழைய டீசர் பதிவுகளின் விளக்கத்தில் விடையையும் முதல் வரியாகச் சேர்த்தேன், எப்போது யார் வந்தாலும் தெரியட்டும் என்று. அண்ணாச்சி ஒரு கேரியரை எனக்குக் கொடுத்தார். இன்னொன்றைத் தனியாக ஒரு பெட்டியில் வைத்து, "அந்தப் பிள்ளை அட்ரஸ் குடுத்தா அனுப்பலாமா?" என்று கேட்டார். வேண்டாம் அண்ணாச்சி, அது இன்னும் மோசமாக இருக்கும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்று பெட்டியை மறுபடி அலமாரியில் ஏற்றினார்.

இப்போது பால் குக்கர் செய்துகொண்டிருக்கிறார். விசில் அடிப்பதில் ஏதோ புதுசு பண்ணியிருக்கிறாராம். அதற்கும் ஒரு விடுகதை வேண்டுமாம். போன வாரம் முழுக்க உட்கார்ந்து யோசித்ததில் ஒரே ஒரு வரி கிடைத்தது, "கூப்பிட்டா வரணும், வரலன்னா பொங்கிருவா." நன்றாகத்தான் இருந்தது. அந்த 'வா' யார் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அடித்துவிட்டேன்.